காசும் கடையும்: கார்டை மறுக்கும் வங்கி

வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் டெபிட் கார்டு மூலம் 10,000 ரூபாய்க்கு பிட்காயின் வாங்கப் பார்த்தேன். ஓடிபி போட்டதும் "Declined by issuer" என்று வந்தது. திரும்பத் திரும்ப முயன்றதில் கார்டே முடங்கிவிட்டது. கணக்கில் பணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி தடை என்கிறார்கள் கிளையில். – வாசகர், கோவை

மறுத்தது எக்ஸ்சேஞ்ச் அல்ல, உங்கள் வங்கி. முதலில் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டு ஆன்லைன் பயன்பாட்டைப் பாருங்கள். 2020 முதல் வரும் புதுக் கார்டுகளில் அது அணைத்தே இருக்கும். நாம்தான் போட வேண்டும்.

அது போட்டிருந்தும் மறுத்தால், பெரும்பாலும் காரணம் வணிக வகை எண். எந்தக் கடையில் கார்டு போட்டாலும் தொகையோடு ஒரு நான்கு இலக்க எண்ணும் வங்கிக்குப் போகும். கிரிப்டோவுக்கு வழக்கமாகப் போவது 6051. அந்த எண்ணை அடைத்து வைத்திருக்கும் வங்கியில் இருப்பு எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. மறுபடி முயன்றாலும் அதே எண்தான் போகும். ஒரே தொகை அடுத்தடுத்து வருவதைப் பார்த்து, திருடன் கையில் கார்டு சிக்கிவிட்டது என்று மோசடிக் கண்காணிப்பு பூட்டிவிடும். ஒருமுறை மறுத்ததுமே நிறுத்தியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையை அழைத்துப் பூட்டை எடுக்கச் சொல்லுங்கள். 6051 அடைக்கப்பட்டிருக்கிறதா என்றும் நேராகக் கேளுங்கள்.

அந்த "ரிசர்வ் வங்கி தடை" என்ற பதில்தான் எனக்கு ஆறாத கோபம். கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. அதைக் காட்டி வாடிக்கையாளரை மறுக்காதீர்கள் என்று 2021 மே 31 அன்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது. வாடிக்கையாளரைச் சரிபார்ப்பது, பணமோசடித் தடுப்பு, அந்நியச் செலாவணி விதிகள் என்று வங்கிக்குச் சொந்தக் காரணங்கள் இருக்கலாம். அவற்றின்படி மறுக்க அதற்கு உரிமையும் உண்டு. அப்படியானால் அதைச் சொல்லட்டும். எழுத்தில் கேளுங்கள்.

டெபிட் போகவில்லை. கிரெடிட் கார்டில் போடலாமா? – வாசகி, மதுரை

வேண்டாம். வங்கி அனுமதித்தாலும் அதை ரொக்கம் எடுத்ததாகக் கணக்கிடக்கூடும்: தனிக் கட்டணம், முதல் நாளிலிருந்தே வட்டி. பல வருடம் முன்பு ஒரு வாலட்டில் கிரெடிட் கார்டால் பணம் ஏற்றி, இப்படித்தான் கட்டணம் கட்டினேன்.

கணவர் கார்டில் முயன்றேன், அதுவும் போகவில்லை. – வாசகி, சேலம்

எக்ஸ்சேஞ்ச் கணக்கில் உள்ள பெயரும் கார்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுத்துங்கள்.

கார்டு போகாததால், டெலிகிராமில் ஒருவர் சொன்ன யுபிஐ எண்ணுக்கு 25,000 ரூபாய் அனுப்பினேன். நாணயம் வரவில்லை. – வாசகர், திருச்சி

கார்டு மறுக்கப்பட்டுத் தவிப்பவர்களைத் தேடி வரும் கூட்டம் இது. உங்கள் மேல் தவறில்லை. இப்போதே 1930-ஐ அழையுங்கள், பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்திருங்கள். பணம் அந்தக் கணக்கிலிருந்து கைமாறுவதற்குள் புகார் போனால்தான் முடக்க முடியும். வங்கிக்கும் இன்றே எழுதுங்கள். பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று அடுத்து யாராவது வந்தால், அவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.