நுகர்வோர் கேள்வி-பதில்: வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும்போது

சமையலுக்கு ஓர் அம்மா வருகிறார். 5,000 ரூபாய் பேசித்தான் வைத்தோம். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 7,000 கேட்கிறார். பேசினது பேசினதுதானே?
— வேளச்சேரி வாசகி

வேலையும் பேசின அளவிலேயே இருந்தால், ஆமாம். உங்கள் கடிதத்தில் ரூபாய் இருக்கிறது, நேரம் இல்லை. அதனால்தான் போன் செய்து கேட்டேன்.

நீங்கள் சொன்னது இது. ஆரம்பத்தில் நீங்கள் இருவர், ஒரு குழந்தை. அந்த அம்மா காலை ஆறே முக்காலுக்கு வந்து டிபன், குழம்பு, ஒரு பொரியல், சாதம் முடித்து எட்டே முக்காலுக்குக் கிளம்பிவிடுவார். இப்போது மாமனார், மாமியார் வந்து தங்கியிருக்கிறார்கள். மாமனாருக்குச் சர்க்கரை, அவருக்குக் காரம், உப்பு குறைத்துத் தனிக் கூட்டு. ராத்திரிக்குச் சப்பாத்தி மாவு பிசைந்து வைக்க வேண்டும். மறுநாளைக்குக் காய் நறுக்கி டப்பாவில் போட வேண்டும். கிளம்பும்போது மணி ஒன்பதே முக்கால்.

இனி கணக்கு. ஞாயிறு போக மாதத்துக்கு 26 நாள். தினம் 2 மணி நேரம் என்றால் 52 மணி. 5,000 ரூபாயை 52-ஆல் வகுத்தால் மணிக்கு 96 ரூபாய். நீங்களே ஒப்புக்கொண்ட விலை இது. இப்போது தினம் 3 மணி, மாதம் 78 மணி. அதே 5,000 என்றால் மணிக்கு 64 ரூபாய்தான். அவர் கேட்கிற 7,000-ஐக் கொடுத்தாலும் 90 ரூபாய். பழைய விலை மாறாமல் கொடுப்பதென்றால் ஏழாயிரத்து ஐந்நூறுக்குப் பக்கத்தில் வரும். சம்பளத்தைக் குறைத்தது நீங்கள். அந்த அம்மா முழுசாகக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

எனக்கு ரொம்ப நாளாக இதில் ஓர் ஆதங்கம் உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். நம் ஊரில் வீட்டு வேலைக்கு 'பெருக்கித் துடைக்க இவ்வளவு, பாத்திரத்துக்கு இவ்வளவு, சமையலுக்கு இவ்வளவு' என்று உருப்படிக் கணக்கில் பேசுகிறோம். அந்த உருப்படிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் திணிக்கலாம். 'பாத்திரம்' என்று பேசியதில் முதல் மாதம் ஒரு தொட்டி பாத்திரம், நான்காம் மாதம் விருந்தாளிகள் சாப்பிட்டதும் சேர்ந்து இரண்டு தொட்டி. 'அப்படியே அந்த பால்கனியையும் ஒரு தள்ளு தள்ளிடுங்க' என்று ஆரம்பிக்கும், பிறகு அது தினசரி வேலையாகிவிடும். யாரும் பொய் சொல்வதில்லை, ஆனால் மாதக் கடைசியில் ஒருவருடைய நேரம் காணாமல் போயிருக்கும். காலை ஏழு மணி வேலை நீண்டுவிட்டால் அவருடைய எட்டரை மணி வீடு கெட்டுப்போகிறது, அங்கே திட்டு வாங்குவதும் அவர்தான்.

ஆகவே ஆள் வைக்கும் அன்றே மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: எத்தனை பேருக்கு வேலை, வருகிற நேரமும் கிளம்புகிற நேரமும், நேரம் தாண்டினால் அரை மணிக்கு எவ்வளவு. விருந்தாளி வந்தால் அன்றைக்குரிய பணத்தை அன்றே கையில் கொடுங்கள். மாதச் சம்பளத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் இருவருக்கும் மறந்துவிடும், உங்களுக்கு முதலில்.

இதிலேயே இன்னொன்றும் உண்டு. நகரத்தில் காலை ஆறரை முதல் ஒன்பது வரையான நேரம்தான் விலை உயர்ந்தது. பள்ளிக்கூடமும் ஆபீஸும் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில்தான். உங்களுக்குப் பதினொரு மணிக்குச் சமையல் முடிந்தாலும் போதும் என்றால், அந்த நேரத்தைச் சொல்லி ஆள் தேடுங்கள். ஆளும் கிடைப்பார், பேச்சும் சுலபமாகும்.

அரசு சம்பளம் ஏதாவது நிர்ணயித்திருக்கிறதா? அதைக் கொடுத்தால் போதும்தானே?
— அண்ணா நகர்

நிர்ணயித்திருக்கிறது. தமிழக அரசு 2018-ல் வீட்டு வேலைக்கு மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. இதற்குக் கீழே போகாதே என்பதற்கான கோடு அது. அந்தத் தொகைக்கு அண்ணா நகரில் ஆள் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் அம்மா சம்பளம் கூட்டிக் கேட்கிறார். அதற்குப் பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கிவிடலாமா?
— அசோக் நகர்

நான் வாங்கினேன். அலுமினியக் குக்கர் கறுத்துப்போனது. இரும்புச் சட்டியைப் போட முடியாது. அடிப்பிடித்த புளிக்குழம்புச் சட்டியை ஊறவைத்துச் சுரண்டிவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும், அப்புறம் எதற்கு மெஷின்? இப்போது அதற்குள் ஊறுகாய் ஜாடிகள் இருக்கின்றன. எவர்சில்வர் தட்டும் டம்ளரும் மட்டுமே புழங்கும் வீடு என்றால் வாங்குங்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள, தங்கி வேலை செய்யும் பெண் வேண்டும் என்று ஏஜென்சியில் 20,000 ரூபாய் கட்டினேன். மூன்று மாதத்துக்கு 'ரீப்ளேஸ்மென்ட் கேரண்டி' என்றார்கள். வந்தவர் 12-ம் நாள் போய்விட்டார். அடுத்து அனுப்பியவர் ஒரே நாள்தான் இருந்தார். இப்போது போனையே எடுப்பதில்லை.
— நீலாங்கரை வாசகர்

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், இதை விடாதீர்கள்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். போய்விட்ட அந்தப் பெண் மீது நுகர்வோர் வழக்குப் போட முடியாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எஜமானர், பணியாளர் உறவில் செய்யும் வேலையைச் 'சேவை' என்ற கணக்கிலிருந்து விலக்கிவிட்டது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சி விற்றது சேவைதான். அது அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. நிறைய பேர் கோபத்தை முதலாமவர் மீது காட்டிவிட்டு இரண்டாமவரை விட்டுவிடுகிறார்கள்.

பணம் கட்டிய ரசீது, யுபிஐ ஸ்கிரீன்ஷாட், கேரண்டி பற்றி அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தேதிவாரியாக நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, 15 நாளில் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சில நேரம் அந்த ஒரு போனிலேயே ஏஜென்சிக்கு ஞாபகம் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

பணம் ஏஜென்சி பெயரில் உள்ள கணக்குக்குப் போனதா, யாரோ ஒரு தனிநபர் எண்ணுக்கா? நீங்கள் எழுதவில்லை. தனிநபருக்கு என்றால் முதலில் 'நாங்கள் வாங்கவே இல்லை' என்பார்கள். அதனால் பணம் கேட்டு வந்த செய்தியும் அந்த எண்ணும் முக்கியம்.

அடுத்த முறைக்கு இரண்டு விஷயம். போனில் பேசவைத்தது ஒருவரை, பெட்டியோடு வாசலில் வந்து நின்றது இன்னொருவர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முன்பு வேலை செய்த வீட்டுக்காரரிடம் பேசவைக்க மறுக்கும் ஏஜென்சியும் வேண்டாம்.

அப்புறம், வந்த இருவருமே ஏன் போனார்கள் என்று யோசித்தீர்களா? 'இருபத்து நாலு மணி நேரமும் கூடவே இருப்பார்' என்று ஏஜென்சி உங்களிடம் விற்றிருக்கும். அம்மாவை ராத்திரியில் மூன்று முறை எழுப்பி பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால், அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் எப்போது? பகலில் சமையலும் துணியும் அவர் தலையிலேயே என்றால் பத்து நாளைக்கு மேல் யாரும் தாங்க மாட்டார்கள். ராத்திரிப் பொறுப்பு இருந்தால் பகலில் அவருக்குத் தொடர்ந்து சில மணி நேரம் ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை. அந்த நாளுக்கு வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்று ஆள் வைப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சம்பளத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடுங்கள். ஏஜென்சி வழியாகக் கொடுத்தால் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பதே உங்களுக்குத் தெரியாது.

நம்பிக்கைக்காக ஆதார் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
— பெரம்பூர்

கூடாது. நகல் போதும். கூடுதலாக வேண்டுமென்றால் வீட்டு வேலைக்கு வருபவரைப் பற்றிச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே வசதி இருக்கிறது. அவரிடம் சொல்லிவிட்டு விண்ணப்பியுங்கள். அதில் சுத்தம் என்று வந்தால் இதுவரை வழக்கு இல்லை என்றுதான் அர்த்தம். அதற்காக நகையை டிவி மேல் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் கேட்காதீர்கள்.

மோதிரத்தைக் காணோம். வேலைக்கார அம்மா மேல்தான் சந்தேகம். அவர் பையைச் சோதித்தேன், ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து வரவில்லை. பாதி மாதச் சம்பளம் கொடுக்க வேண்டுமா?
— மயிலாப்பூர்

கொடுக்க வேண்டும், இன்றைக்கே. மோதிரம் திருட்டுப் போனது என்று நினைத்தால் போலீஸில் புகார் கொடுங்கள். பையைச் சோதிக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. வாஷிங் மெஷினின் ரப்பர் வளையத்துக்குள் பார்த்தீர்களா?

மாதம் இரண்டு நாள் லீவு. அதற்கு மேல் எடுத்தால் சம்பளத்தை 26-ஆல் வகுத்துப் பிடிக்கிறோம். சரியா?
— தாம்பரம்

ஞாயிறும் வரச் சொல்கிறீர்களா? அப்படியென்றால் அவர் உழைப்பது 30 நாள், நீங்கள் பிடிப்பது 26 நாள் கணக்கில். 6,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு நாளுக்கு 200 பிடிக்க வேண்டிய இடத்தில் 231 பிடிக்கிறீர்கள். முதலில் ஞாயிறு விடுமுறை கொடுங்கள், பிறகு வகுத்தலைப் பார்க்கலாம். நீங்கள் ஊருக்குப் போய் வீடு பூட்டியிருக்கும் நாளுக்குப் பிடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வருடமாக வேலை பார்த்தார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டு 'நாளையிலிருந்து வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. என்ன செய்ய முடியும்?
— பெரும்பாக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி

எழுத்தில் இருக்கிறதம்மா, உங்கள் கையில் இல்லை, அவ்வளவுதான். அந்தக் குடியிருப்பின் வாசலில் அம்மா தினம் உள்ளே போனதும் வெளியே வந்ததும் நோட்டிலோ செக்யூரிட்டியின் ஆப்பிலோ பதிவாகியிருக்கும். அந்த இரண்டு மாதப் பதிவைச் சங்கத்திடம் எழுதிக் கேளுங்கள். முந்தைய மாதங்களில் சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் பேங்க் பாஸ்புக்கே சாட்சி. 'நாளைக்குக் கெஸ்ட், சீக்கிரம் வாங்க' என்று வந்த ஒரு வாய்ஸ் மெசேஜும் உதவும், அழித்துவிடாதீர்கள்.

முதலில் பாக்கித் தொகை, எந்த மாதங்கள் என்று குறிப்பிட்டு அந்த வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். கெஞ்ச வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் 15100-க்குப் பேசுங்கள். அது சட்ட உதவி எண். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. பெரும்பாலும் அங்கிருந்து போகும் முதல் கடிதத்திலேயே பேச வந்துவிடுவார்கள். தொழிலாளர் துறை அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. 2007-லிருந்து தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. அம்மாவுக்கு 60 வயதாகவில்லை என்றால் பதிவு செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. பதிவு இருந்தால் 60-க்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு, நீங்கள் கல்லூரியில் படிப்பதால் அதையும் கேட்டுப் பாருங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு நீங்களும் போங்கள்.