சரக்கு ஓடுது, காசு எங்கே? கடன் வியாபாரிகளின் கேள்விகளுக்குப் பதில்

சப்ளையர் எனக்கு 30 நாள் தருகிறார். நானும் கடைகளுக்கு 30 நாள்தான் தருகிறேன். அப்படியானால் கைமுதலே வேண்டாம்தானே?
– மளிகை மொத்த வியாபாரி, விருதுநகர்

சரக்கு குடோனில் கிடக்கும் நாளை யார் கணக்கில் எழுதுவது? 20 நாள் கிடந்தால் அந்த 20 நாளும் உங்கள் காசுதான்.

பெட்ஷீட் வியாபாரம். மாதம் 6 லட்சம் விற்பனை, அதன் கொள்முதல் 5 லட்சம். இருப்பு 10 லட்சம், வரவேண்டியது 9 லட்சம், கொடுக்கவேண்டியது 5 லட்சம். 30 நாள் கடன்தான் தருகிறேன். கையில் காசே நிற்பதில்லை. விற்பனையை இரட்டிப்பாக்கினால் சரியாகுமா?
– ஈரோடு வாசகர்

30 நாள் கடன் என்று யார் சொன்னது? உங்கள் பில்லில் அச்சடித்திருக்கிறது, அவ்வளவுதான். மாதம் 6 லட்சம் விற்று 9 லட்சம் பாக்கி நின்றால், வசூல் 45 நாளில்தான் வருகிறது. எத்தனை முறை எழுதியிருக்கிறேன், பில்லில் போட்ட கெடுவைப் பார்க்காதீர்கள், பணம் வந்த தேதியைப் பாருங்கள் என்று!

இருப்பு இரண்டு மாதக் கொள்முதல், அதாவது 60 நாள். வசூல் 45 நாள். மொத்தம் 105. சப்ளையருக்கு நீங்கள் இழுப்பது 30 நாள். ஆக, போட்ட ரூபாய் திரும்பி வர 75 நாள். இதில் முடங்கியிருப்பது 10, 9 கூட்டி 5 கழித்தால் 14 லட்சம். காசு எங்கே என்கிறீர்களே, கடைக்காரர்களின் பாக்கிக்குள்ளும் பெட்ஷீட் கட்டுகளுக்குள்ளும்தான் கிடக்கிறது.

இதே நாள்கணக்கில் விற்பனையை இரட்டித்தால் இன்னொரு 14 லட்சம் வேண்டும். போதாததற்கு, பில் போட்ட விற்பனைக்கான ஜிஎஸ்டியை, கடைக்காரர் தராவிட்டாலும் மறுமாதம் நீங்கள் கட்டியாக வேண்டும். முதலில் வசூலை 30 நாளுக்குக் கொண்டுவாருங்கள். நாள் ஒன்றுக்கு 20,000 விற்பனை. 15 நாள் குறைந்தால் 3 லட்சம் வட்டியில்லாமல் கைக்கு வரும். அடுத்து, மூன்று மாதமாக நகராத டிசைன்களைப் பிரித்து, வாங்கின விலைக்காவது தள்ளிவிடுங்கள். விற்பனைப் பேச்சு அதற்குப் பிறகு.

சப்ளையர் தருவது 40 நாள் கெடு. 10 நாளில் கொடுத்தால் 2% கழிவு. வங்கியில் சிசி கடன் வட்டி 11%. அதில் எடுத்துக் கொடுக்கலாமா?
– கோவை

30 நாளுக்கு 2% என்றால் வருஷத்துக்குச் சுமார் 24%. கொடுங்கள். ஆனால் உங்கள் சுழற்சி 30 நாள் நீளும், சிசியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

சிசி லிமிட் 10 லட்சம். 7 லட்சத்துக்கு மேல் எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள். என்ன நியாயம்?
– திருப்பூர்

லிமிட் வேறு, இன்றைக்கு எடுக்க முடிகிற தொகையான டிராயிங் பவர் வேறு. உங்கள் சரக்கு, வரவேண்டிய பாக்கி இரண்டின் மதிப்பிலிருந்து, பணம் கொடுக்காமல் வாங்கிய சரக்கையும், பொதுவாக 90 நாள் தாண்டிய பாக்கியையும் கழித்து, மிச்சத்தில் உங்கள் பங்கான மார்ஜினையும் பிடித்துக்கொண்டுதான் வங்கி தரும். வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை எனக்கு அனுப்பாமல் நியாயம் கேட்டால் நான் என்ன சொல்ல? உங்கள் பாக்கிப் பட்டியலில் 90 நாள் தாண்டியது எவ்வளவு என்று முதலில் கூட்டிப் பாருங்கள்.