பட எழுத்திலிருந்து அகரவரிசை எப்படி வந்தது? எழுத்து சுலபமானதால்தான் எல்லாரும் படிக்க ஆரம்பித்தார்களா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். வழிகாட்டி நூல்கள் இதற்கு ஒற்றை வரியில் பதில் எழுதிவிடும். 90களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பக்கம் கல் குவாரிப் பெண்களுக்கு அறிவொளி இயக்கத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

முதலில் பழங்கால எகிப்து. அங்கே பட எழுத்தில் புழக்கத்தில் இருந்த குறிகள் சுமார் 700. அவற்றுள் ஒற்றை மெய்யொலியை மட்டும் காட்டும் குறிகள் இரண்டு டஜன் இருந்தன. அவற்றை வைத்தே எகிப்திய மொழியின் எந்தச் சொல்லையும் எழுதியிருக்கலாம். அகரவரிசை அவர்கள் கையிலேயே இருந்தது என்றுகூடச் சொல்லலாம். இருந்தும் எழுத்தர்கள் மற்ற குறிகளைக் கைவிடவில்லை. வருடக்கணக்கில் கற்ற வித்தை அது, சோறு போட்டதும் அதுதான். எளிமையாக்க அவர்களுக்கு என்ன அவசியம்?

அவசியம் வேறு ஆட்களுக்கு இருந்தது. சினாய் பாலைவனத்தில் செராபித் எல் காதிம் என்ற மலையில் எகிப்து அரசு டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லை வெட்டியெடுத்தது. அங்கே கானான் நாட்டிலிருந்து, அதாவது இன்றைய இஸ்ரேல், லெபனான் பக்கமிருந்து வந்தவர்களும் வேலை செய்தார்கள். அங்கிருந்த ஹத்தோர் தேவி கோயிலில், 1905இல் அகழ்வாராய்ச்சியாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி, மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஒரு சின்ன மணற்கல் ஸ்பிங்ஸ் சிலையைக் கண்டெடுத்தார். அதில் எகிப்திய எழுத்தில் ஹத்தோரின் பெயர் இருந்தது. கூடவே யாருக்கும் புரியாத கிறுக்கலான படங்களும் இருந்தன. 1916இல் எகிப்திய மொழி அறிஞர் ஆலன் கார்டினர் அந்தக் கிறுக்கலில் வீடு, கண், மாடு ஓட்டும் தாற்றுக்கோல், சிலுவை என்ற நான்கு படங்கள் திரும்பத் திரும்ப வரிசையாக வருவதைக் கவனித்தார். கானானிய மொழியில் வீடு 'பேத்', கண் 'அயின்', தாற்றுக்கோல் 'லாமத்', சிலுவை 'தாவ்'. ஒவ்வொன்றின் முதல் ஒலியை மட்டும் எடுத்துச் சேர்த்தால் 'பஅலத்', அதாவது தலைவி. ஹத்தோரை அவர்கள் மொழியில் அழைத்த பெயர்!

படம் பொருளைக் காட்டுவதை விட்டுவிட்டு, பொருளின் பெயரில் உள்ள முதல் ஒலியை மட்டும் காட்டியது. நடந்தது இவ்வளவுதான். 700 குறி வேண்டாம், முப்பதுக்குள் முடிந்துவிடும். அதுவும் தன் மொழியில் வீட்டுக்கும் கண்ணுக்கும் பெயர் தெரிந்தவன் புதிதாக மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. 'அணில்' படம் போட்டு அகரம் சொல்லித்தருகிறோமே, அதே வழி. மாட்டுத் தலைக்குப் பெயர் 'ஆலெப்'. அது தொண்டையை அடைத்து எழும் ஒரு மெய்யொலியைக் குறித்தது. கிரேக்க மொழியில் அந்த ஒலி கிடையாது. கானான் கடற்கரை வணிகர்களான பொனீசியரிடம் இந்த எழுத்தின் வழிவந்த 22 மெய்யெழுத்துகளை வாங்கிய கிரேக்கர், அந்தக் குறியை 'அ' என்ற உயிருக்கு வைத்துக்கொண்டார்கள். ஆங்கில A-வைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், கொம்பு தெரியும்.

சினாயில் இந்த எழுத்தை உருவாக்கியவர்கள் எழுத்தறியாத சுரங்கத் தொழிலாளர்கள் என்பது எகிப்தியவியல் அறிஞர் ஓர்லி கோல்ட்வாசரின் கருத்து. எகிப்திய எழுத்து தெரிந்த கானானியரே செய்திருக்க வேண்டும் என்பாரும் உண்டு. நான் முதல் கட்சி. குவாரியில் உட்கார்ந்தவன் வேறு எப்படி நினைப்பான்?

இனி இரண்டாவது கேள்வி. சுலபமானது மட்டும் போதாது. சினாய் எழுத்து தோன்றிப் பல நூறு ஆண்டுகள் ஓரத்திலேயே கிடந்தது. அரசுகளும் கணக்கர்களும் பழைய எழுத்தையே வைத்திருந்தார்கள். அகரவரிசை வந்த பிறகு, பழங்கால ஏதென்ஸிலும் பாருங்கள். நாடுகடத்த வேண்டியவன் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறி வாக்களிக்க வேண்டும். அந்த ஊர்த் தலைவர் தெமிஸ்தோக்கிளிஸ் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் ஒரே கிணற்றில் கிடைத்தன. கையெழுத்தை ஆராய்ந்தால், எழுதியவர்கள் ஏறக்குறைய 14 பேர்தான். எழுத்து கையில் இருந்த ஊரில் முன்கூட்டியே எழுதி வைத்த ஓடுகள்!

தமிழுக்கு 247 எழுத்து, அதனால்தான் கஷ்டம் என்று எழுத யாராவது வருவார்கள். எங்கள் வகுப்பிலும் ஓர் அம்மா, "இத்தனையும் எப்ப தம்பி படிச்சு முடிக்கிறது?" என்று கேட்டார். உயிர் 12, மெய் 18, ஆய்தம், பிறகு கால், கொம்பு, சுழி. 'கா' தெரிந்தவருக்கு 'தா', 'மா' தானாக வரும். அவரைப் படிக்க வைத்தது அதுகூட இல்லை. மேஸ்திரி நோட்டில் தன் பெயருக்கு நேரே எத்தனை லோடு எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகவே வந்தார், படித்தார், கணக்கு குறைந்தபோது சத்தமாகச் சண்டையும் போட்டார்.

ஆனால் இயக்கம் முடிந்ததும் எங்கள் பக்கத்து வாசிப்பு மையத்தைப் பூட்டிவிட்டார்கள். புத்தகங்கள் அலுவலக மூலையில் கட்டோடு கிடந்தன. கேட்டால், இலக்கை எட்டியாச்சு, கோப்பை மூடியாச்சு என்றார்கள். நோட்டுப் பார்க்கிற வேலை இருந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களில் பலர் சில வருடத்தில் கைநாட்டுக்கே திரும்பினார்கள். கற்றது அதே எழுத்துதான்.