325 டிகிரி என்று எழுதிய பிளம் கேக்கை 250 வரை மட்டுமே உள்ள ஓவனில் எப்படிச் சுடுவது?

"அமெரிக்காவில் இருக்கும் மைனி பிளம் கேக் குறிப்பு அனுப்பியிருக்கிறார். 325 டிகிரியில் சுட வேண்டுமாம். என் ஓடிஜி டயலில் கடைசி எண்ணே 250தான். உள்ளே ஃபேன் வேறு இருக்கிறது. எங்கே திருப்பி வைப்பது?"

ஃபேனை நிறுத்திவிட்டு 160-க்கு வையுங்கள். ஃபேனை நிறுத்தவே முடியாத ஓவன் என்றால் 145. ஆனால் டயல் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மைனி எழுதியது ஃபாரன்ஹீட், உங்கள் டயலில் இருப்பது செல்சியஸ். 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்க வேண்டும்: (325 − 32) × 5 ÷ 9 = 162.8. அந்த 2.8-க்காகக் கவலைப்பட வேண்டாம். வீட்டு ஓவன் அவ்வளவு துல்லியமாக நிற்கவே நிற்காது.

ஃபேன் விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள், நான் உட்பட. ஃபேன் சூடான காற்றைக் கேக்கின் மேல் ஓட்டிக்கொண்டே இருப்பதால், அதே டிகிரியில் மேல்புறம் சீக்கிரம் காய்ந்து சிவந்துவிடும். அதனால் செல்சியஸில் சுமார் 20 குறைக்கச் சொல்வது பிரிட்டிஷ் வழக்கம், ஃபாரன்ஹீட்டில் 25 குறைக்கச் சொல்வது அமெரிக்க வழக்கம். முதல் தடவை நான் அந்த 25-ஐப் போனில் தட்டிச் செல்சியஸாக மாற்றினேன். மைனஸ் 4 என்று வந்தது! குறைக்கும் அளவு என்பது வெறும் வித்தியாசம். அதற்கு 32-ஐக் கழிக்கக் கூடாது, 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் போதும். 25 ஃபாரன்ஹீட் குறைப்பது 14 செல்சியஸ் குறைப்பதற்குச் சமம். 14-க்கும் 20-க்கும் நடுவில் எது வைத்தாலும் கேக் வரும்.

இன்னொன்று, குறிப்பில் ஏற்கெனவே ஃபேனுக்கான எண் கொடுத்திருந்தால் மறுபடியும் குறைக்காதீர்கள். இங்கிலாந்துக் குறிப்புகளில் '180, ஃபேன் 160, கேஸ் 4' என்று மூன்றையும் சேர்த்துப் போடுவார்கள். அந்த 160-இலிருந்து இன்னொரு 20 குறைத்து ஒரு கிறிஸ்மஸுக்குச் சுட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்தும் நடுப்பகுதி ஆடிக்கொண்டிருந்தது, எடுத்து வைத்ததும் குழிந்துவிட்டது. அண்டிப்பருப்பைப் பொறுக்கித் தின்றதுதான் மிச்சம்.

அந்த 'கேஸ் 4' பிரிட்டிஷ் கேஸ் ஓவன் டயலில் உள்ள எண். 25-ஆல் பெருக்கி 250-ஐக் கூட்டினால் ஃபாரன்ஹீட் கிடைக்கும். 1 முதல் 9 வரை இந்தக் கணக்குச் சரியாக வரும். உங்கள் 325 என்பது கேஸ் 3. ஆனால் கரண்ட் ஓவன் டயலில் டிகிரி போடாமல் வெறும் 1, 2, 3 என்று இருந்தால் அது இந்தக் கணக்கு இல்லை. அந்தந்தக் கம்பெனி தன் வசதிக்குப் போட்டது.

பிளம் கேக்குக்கு ஃபேன் வேண்டாம் என்பது என் கட்சி. பழமும் பருப்பும் நிறைந்த கனமான மாவு உள்ளே வேக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபேன் ஓடினால் அதற்குள் மேலே தடித்த தோல் கட்டிவிடும். பிஸ்கட் சுடும்போது ஓடட்டும்.

இப்போது டயல். 100, 150, 200, 250 என்று தள்ளித் தள்ளிப் போட்டிருப்பார்கள், நடுவில் கண் மதிப்புதான். ஓவனுக்குள் வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கேக் டின் எங்கே இருக்குமோ அங்கே, நடுத்தட்டின் மையத்தில் வையுங்கள். ராடுக்குப் பக்கத்தில் வைத்தால் பொய் சொல்லும். விளக்கு முதல் தடவை அணைந்ததும் ஓவன் தயார் என்று நினைக்காதீர்கள். ராடு அணைந்த பிறகும் சூடு கொஞ்சம் ஏறி, அப்புறம் இறங்கும். இரண்டு மூன்று தடவை அணைந்து எரிந்த பிறகு, மிக உயர்ந்த அளவையும் மிகத் தாழ்ந்த அளவையும் குறித்து நடுவை எடுங்கள்.

என் ஓவனில் டயலை 150-இல் வைத்தபோது முள் 165-க்கும் 180-க்கும் இடையே போய் வந்தது, அதாவது சுமார் 172. டயலை 140-க்கு இறக்கியதும் 153-க்கும் 168-க்கும் இடையே நின்றது. எனக்கு வேண்டிய 160 அங்கேதான் இருந்திருக்கிறது. எண்ணை நம்பி 160-இல் வைத்திருந்தால் உள்ளே 180-ஐத் தாண்டியிருக்கும். மேல்புறம் வெடித்துக் கறுத்து, குச்சி குத்தினால் ஈர மாவு ஒட்டிவரும் கேக் அப்படித்தான் உண்டாகிறது.

அந்த 140 இடத்தில் மகளின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். டிசம்பரில் யார் கேக் சுட வந்தாலும் அந்தப் பொட்டுக்குத் திருப்பினால் போதும்.