அம்மான் கடைத்தெருவில் பேரம் பேச பத்து வரி அரபி

கேள்வி: அடுத்த மாதம் ஜோர்டான் போகிறேன். புத்தக அரபியில் விலை கேட்கும் "பிகம் ஹாதா?" வரைக்கும் தெரியும். ஆனால் அங்கே பேச்சு வேறு மாதிரி என்கிறார்கள். அம்மானில் இரண்டு ஷ்மாக் துண்டு வாங்கும் அளவுக்குப் பேரம் பேசக் கற்றுத்தர முடியுமா?

பதில்: "பிகம்" என்றாலும் புரியும். ஆனால் அம்மான்காரர் வாயில் வருவது "அத்தேஷ்" தான். புத்தகத்தில் இருக்கும் ககரம் (கத்தேஷ்) நகரப் பேச்சில் விழுங்கப்பட்டு, வெறும் தொண்டை அடைப்பாகிவிடும். டாக்சி ஓட்டுநர் "கத்தேஷ்" என்று அழுத்திச் சொன்னால் குழம்ப வேண்டாம், அதே சொல்தான்.

தமிழ் எழுத்து எல்லா ஒலிக்கும் போதாது. அதனால் சில குறிகள். ' என்பது தொண்டை அடியை நெருக்கி எழுப்பும் ஒலி. க்ஹ என்பது காறும்போது வருவது. ஃக என்பது வாய் கொப்பளிக்கும்போது வருவது. ப எங்கே வந்தாலும் "பஸ்"ஸில் உள்ள ப. அத்தேஷ், ஹாதா, ஈத், ஹ்த'ஷ் நான்கிலும் தகரம் "இந்தியா"வில் வருவதுபோல மெத்தென்று இருக்கட்டும்.

ஹுசைனி பள்ளிவாசலைச் சுற்றியுள்ள பழைய கடைத்தெருவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்கு மட்டும்.

நீங்கள்: மர்ஹபா. அத்தேஷ் ஹஷ்-ஷ்மாஃக்? (வணக்கம். இந்தத் துண்டு எவ்வளவு?)
கடைக்காரர்: அஹ்லென்! க்ஹம்ஸ்த'ஷர் லேரா. (வாங்க! பதினைந்து.)
நீங்கள்: க்தீர் ஃகாலி! ப்-தமானியே? (ரொம்ப விலை! எட்டுக்கு?)
கடைக்காரர்: லா வல்லா! ஹாதா ஷுஃகுல் ஈத். ராஸ்மாலோ ஹ்த'ஷ். (ஐயோ, சத்தியமா இல்லை! இது கைவேலை. முதலே பதினொன்று.)
கடைக்காரர்: 'அஷானிக், த்ன'ஷ். (உங்களுக்காக, பன்னிரண்டு.)
நீங்கள்: ஆக்ஹிர் கலாம்? (கடைசி விலையா?)
கடைக்காரர்: ஆக்ஹிர் கலாம்.
நீங்கள்: தய்யிப், த்னேன் ப்-'இஷ்ரீன்? (சரி, இரண்டு இருபதுக்கு?)
கடைக்காரர்: மாஷி. மப்ரூக்! (சரி. நல்லா இருக்கட்டும்!)
நீங்கள்: அல்லா ய்பாரிக் ஃபீக்.

நாணயம் தினார்தான், நோட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கடையில் பலரும் லேரா என்பார்கள். லெபனான், சிரியா லிராவோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எண்ணுக்கு முன்னால் ஒரு "ப்" ஒட்டினால் "இத்தனைக்கு" என்று ஆகிவிடும். ப்-தமானியே, ப்-'அஷரா (பத்துக்கு). தொடக்கநிலையில் பேரத்துக்கு இந்த இலக்கணமே போதும். பதினைந்து தனியாக வந்தால் க்ஹம்ஸ்த'ஷ். பின்னால் பொருளோ பணமோ வந்தால் கடைசியில் "அர்" சேரும். அதனால்தான் மேலே க்ஹம்ஸ்த'ஷர் லேரா.

தமிழர் எல்லோரும் தடுக்கி விழும் இடம் "ஃகாலி". நாம் இயல்பாகக் "காலி" என்றுவிடுவோம். அரபியில் க்ஹாலி என்றால் காலி, வெறுமை. நம் "காலி" வந்ததே அந்தச் சொல்லிலிருந்துதான். "என் தாய்மாமா" என்பதும் அதே ஒலியில் வரும். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு "க்தீர் க்ஹாலி" என்றால் கடைக்காரர் சிரிப்பார், விலை இறங்காது. கொப்பளிக்கும் ஒலியை ஓட்டல் அறையிலேயே பழகிவிட்டுப் போங்கள்.

"ராஸ்மால்" என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் "தலைப் பணம்", நாம் முதல் என்கிறோமே அதுதான். முதல் பதினொன்று என்றவர் துண்டுக்குப் பத்து வீதம் கொடுத்துவிட்டார், கவனித்தீர்களா? "முதலுக்கே மோசம்" என்று நம் ஊர்க் கடையில் சொல்வதுபோல இதுவும் பேரத்தின் ஒரு அடி. பொய் என்று முகத்தைச் சுளிக்கத் தேவையில்லை, பதிலும் சொல்ல வேண்டாம். அவர் மனதை மாற்றியது உங்கள் வாதம் அல்ல, இரண்டாவது துண்டு. ஆனால் ஒன்று: நீங்கள் ஒரு விலையைச் சொல்லி அவர் "மாஷி" என்றுவிட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும். பிறகு நழுவுவது மரியாதைக் குறைவு. முடிவு செய்யவில்லை என்றால் முன்னாடியே "பஷூஃப் ஒ பர்ஜ'" என்று நகருங்கள். "பார்த்துட்டு வர்றேன்" என்பதற்கு அச்சு அசலாக அதே அர்த்தம், அதே தொனி. பல நேரம் இரண்டு அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு புது விலை வரும்.

"'அஷானிக்" பெண்ணிடம் சொல்வது, ஆணிடம் "'அஷானக்". அதேபோல, கடவுள் உங்களுக்கு அருளட்டும் என்று வாழ்த்தும் அந்தக் கடைசி வரியில் ஆண் கடைக்காரருக்கு "ஃபீக்", கடையில் இருப்பது பெண் என்றால் "ஃபீகி".

பணம் நீட்டும்போது சிலர் "க்ஹல்லீஹா 'அலேனா" என்பார்கள். எங்கள் கணக்கில் இருக்கட்டும் என்று பொருள். நம் வீட்டில் "சாப்பிட்டுப் போங்க" என்பதுபோன்ற உபசாரம் அது. துண்டை எடுத்துக்கொண்டு நடந்துவிடாதீர்கள். நெஞ்சில் கை வைத்து "திஸ்லம்" என்று நன்றி சொல்லி, பணத்தை மறுபடி நீட்டுங்கள்.

ஐம்பது தினார் நோட்டு கொடுத்தீர்கள் என்றால் மீதி முப்பது வர வேண்டும். மறந்துவிட்டார் என்று தோன்றினால் கேட்க வேண்டிய சொல் "இல்-பாஈ?". நம் "பாக்கி"தான், நடுவில் ககரம் விழுங்கப்பட்டிருக்கிறது.