கண்ணாடி எழுத்தைப் படிப்பது எப்படி: கேள்வி பதில்

பழைய கடிதங்களையும் கணக்கு நோட்டுகளையும் ஸ்கேன் செய்து எழுத்தாக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். திரும்பிக் கிடக்கும் எழுத்து எனக்கு அன்றாடம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

"சார், அப்பா சர்க்கரை மீட்டரைக் கையில் பிடித்து செல்ஃபி எடுத்து அனுப்பியிருக்கிறார். 251 என்று இருக்கிறது. முந்தாநாள் 118தான் இருந்தது. பயமாக இருக்கிறது."

செல்ஃபி கேமரா சில நேரம் படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் புரட்டிச் சேமிக்கும். அதனால் அது 125 ஆக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மீட்டரில் எண்கள் சின்னச் சின்னக் கோடுகளால் ஆனவை. அந்த எழுத்தில் 2ஐக் கண்ணாடியில் காட்டினால் அச்சு அசல் 5. 5ஐக் காட்டினால் 2. 0, 1, 8 மூன்றும் மாறாது. 125ஐ வலமிருந்து திருப்பிப் போட்டு, ஒவ்வொரு எண்ணையும் புரட்டினால் 251 வந்துவிடும். 3, 4, 6, 7, 9 புரண்டால் எண் போலவே இருக்காது, கண்ணில் பட்டுவிடும். 118 புரண்டால் 811. அதையும் யாரும் நம்ப மாட்டார்கள். 2, 5, 0, 1, 8 மட்டும் கலந்து வரும் அளவுதான் ஆளை ஏமாற்றும்.

படத்தைப் பெரிதாக்கி அந்த 1 எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கோடு எண்ணில் 1 தன் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும். அதனால் நிஜமான 251இல் 5க்கும் 1க்கும் நடுவே ஒரு எண் அகலத்துக்கு இடைவெளி இருக்கும். 1 போய் 5ஐ ஒட்டிக்கொண்டு நின்றால் படம் புரண்டிருக்கிறது. பக்கத்தில் mg/dL என்ற எழுத்தும் தெரிந்தால் அதுவே சாட்சி. இருந்தாலும் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மீட்டரின் நினைவகத்தில் அந்த அளவு இருந்தால் அப்பாவைப் போனிலேயே வாசிக்கச் சொல்லுங்கள்.

"இதற்கு இவ்வளவு ஏன்? படத்தை 180 டிகிரி சுற்றிவிட்டால் சரியாகிவிடுமே அண்ணா."

ஆகாது. ஆனால் உங்களுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்று புரிகிறது. சுற்றினால் வலது கோடியில் இருந்த முதல் எழுத்து இடது கோடிக்கு வந்துவிடும், சரியான மாதிரி தெரியும். வரிசை மட்டும்தான் சரியாகும். எழுத்துகள் தலைகீழாகத் தொங்கும்.

தமிழில் இதைக் கண்டுபிடிக்கப் புள்ளி போதும். இடம் வலம் மட்டும் மாறிய படத்தில் புள்ளி எழுத்தின் தலையிலேயே இருக்கும். புள்ளி காலடிக்குப் போனால் படம் மேல் கீழாகவும் மாறியிருக்கிறது. இன்னொன்று, சொற்கள் புள்ளி எழுத்தில் தொடங்குவதாகத் தெரிந்தால் அது கண்ணாடி எழுத்து. "படம்" புரண்டால் ம் முதலில் நிற்கும். தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது என்று இலக்கண வகுப்பில் படித்தது இங்கே உதவும்.

"ஸ்டாம்ப், ப்ளீஸ் எல்லாம் புள்ளியில்தானே தொடங்குகிறது?"

நல்ல பிடி. கடன் சொற்களை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. ஒரு சொல்லைப் பார்க்காமல் நாலு வரியைப் பாருங்கள். வரிக்கு வரி அப்படியே இருந்தால் சந்தேகமில்லை.

"வீடியோ காலில் பாடம் எடுக்கிறேன். நான் எழுதிக் காட்டுவது எனக்கே புரண்டு தெரிகிறது. பிள்ளைகளுக்கும் அப்படித்தானா?"

பெரும்பாலும் இல்லை. உங்கள் திரையில் உங்களுக்கு மட்டும் அப்படிக் காட்டும், அவர்களுக்கு நேராகவே போகும். ஒரு பிள்ளையை ஒரு வரி வாசிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

"செல்ஃபியில் எடுத்த நோட்டுப் பக்கங்கள் 300 இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் புரட்ட முடியவில்லை. கம்ப்யூட்டரில் ஒரே அடியாகச் செய்ய வழி உண்டா?"

ImageMagick என்ற மென்பொருள் இருந்தால், படங்கள் உள்ள ஃபோல்டரில் நின்றுகொண்டு:

```
mkdir nera
magick mogrify -path nera -auto-orient -flop *.jpg
```

இரண்டு இடத்தில் கால் இடறும். `-flop` என்பதுதான் இடம் வலம். `-flip` போட்டால் மேல் கீழ் மாறி, புள்ளியெல்லாம் காலடிக்குப் போய்விடும். `-auto-orient` ஐ விட்டாலும் அதே கதை நடக்கலாம். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பல நேரம் படுத்தபடியே சேமிக்கப்பட்டு, "இதை நிமிர்த்திக் காட்டு" என்ற குறிப்போடு இருக்கும். படுத்திருப்பதை இடம் வலம் மாற்றினால், நிமிர்ந்த பிறகு மேல் கீழ் மாறியிருக்கும். `-path nera` கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மூலப் படங்களின் மேலேயே எழுதிவிடும்.

அதற்கு முன் 300 படமும் புரண்டவைதானா என்று பாருங்கள். முன் கேமரா படத்தை நேராகச் சேமிப்பதா, புரட்டிச் சேமிப்பதா என்பது அமைப்பைப் பொறுத்தது. ஐபோனில் Mirror Front Camera என்று இருக்கும். நடுவில் யாராவது அதை மாற்றியிருந்தால் பாதி நேராகவும் பாதி புரண்டும் இருக்கும்.

"பாட்டி எழுதிய மெல்லிய காகிதக் கடிதம், ஆல்பத்தில் நாலு மூலையிலும் ஒட்டியிருக்கிறது. பின்பக்கமும் எழுத்து இருப்பது மங்கலாகத் தெரிகிறது. பிய்த்தால் கிழிந்துவிடும். அதைப் படிக்க முடியுமா?"

பிய்க்காதீர்கள். மூலைகளுக்கு நடுவே காகிதம் சற்றுத் தூக்கிக் கொடுக்கிறதா? கொடுத்தால் முடியும்.

போனை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். கடிதத்துக்குக் கீழே நல்ல வெள்ளை அட்டையைச் செருகி ஒரு படம். அதில் முன்பக்க எழுத்து, பின்பக்க எழுத்து இரண்டும் கலந்து தெரியும், ஏனென்றால் வெள்ளை அட்டை ஒளியைத் திருப்பி அனுப்பி, பின்பக்க மையைத் துலக்குகிறது. எதையும் அசைக்காமல் கறுப்பு அட்டையை மாற்றி இன்னொரு படம். அதில் பின்பக்கம் அடங்கி முன்பக்கம் மட்டும் நிற்கும்.

GIMP என்ற படம் திருத்தும் மென்பொருளில் கறுப்பு அட்டைப் படத்தைக் கீழே, வெள்ளை அட்டைப் படத்தை மேலே வைத்து, மேல் அடுக்கை Divide முறைக்கு மாற்றுங்கள். இரண்டிலும் பொதுவாக உள்ள முன்பக்க எழுத்து கழிந்து, பாட்டியின் பின்பக்க வரிகள் வெளிறிய எழுத்தாக மேலே வரும். அப்புறம் Image, Transform, Flip Horizontally. காகிதம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு ஓரக்கோடு போலப் பேய் உருவம் வரும். வந்தால் திரும்ப எடுங்கள்.

"திருப்பாமல் கண்ணாலேயே படித்துப் பார்த்தேன் சார். ஒ, ஓ வரும் இடமெல்லாம் சிக்குகிறது."

வலமிருந்து படிக்கும்போது கொம்பு, எழுத்து, கால் என்று எப்போதும் போல அதே வரிசையில்தான் வருகிறது. "கொடி" என்றால் வலது கோடியில் கொம்பு, அடுத்து க, அடுத்து கால். நீங்கள் மனதுக்குள் அதை மறுபடி இடம் மாற்றிப் பார்க்கிறீர்கள், அதுதான் சிக்கல். ப கிட்டத்தட்ட மாறவே மாறாது, ட மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். இந்த இரண்டையும் கரையாக வைத்துக்கொண்டு நடுவில் உள்ளதை நிரப்புங்கள்.

"கடிதம் கேட்டவள்தான். ஒன்பது வரி வந்துவிட்டது! தேதி வரியின் மேலே மட்டும் முன்பக்கத்தில் தடித்த அடிக்கோடு. அங்கே ஒன்றுமே இல்லை."

ஒன்பது வரி வந்ததில் எனக்கும் சந்தோஷம். மை கனமாக இருக்கும் இடத்தில் இந்த முறை தோற்கும். அங்கே ஒளியே ஊடுருவவில்லை, கழிக்க என்ன இருக்கிறது? அழுத்தி எழுதும் பேனா என்றால் இன்னும் ஒரு வழி உண்டு. அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் காகிதத்தை ஒட்டிப் படுக்க வைத்து ஒரு பக்கமாக அடியுங்கள். பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் மேடாகத் தெரியலாம். மைப் பேனாவால் எழுதியிருந்தால் மேடு இருக்காது. எந்தப் பேனா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.