விற்பனை கூடியது பத்து சதவீதம், ஆலை நின்றது நான்கு வாரம்: சாட்டை விளைவு பற்றிய கேள்வி பதில்

வணிகவியல் மாணவி: கடையில் விற்பனை கொஞ்சம் கூடினால் ஆலைக்கு வரும் ஆர்டர் ஏன் தாறுமாறாக ஆடுகிறது? எண்களோடு விளக்க முடியுமா, ஐயா?

டயப்பரை எடுத்துக்கொள்வோம். குழந்தைகள் அதை ஏறக்குறைய ஒரே சீராகத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் பாம்பர்ஸ் டயப்பரின் கணக்கைப் பார்த்தபோது, கடை விற்பனையைவிட விநியோகஸ்தர்களின் ஆர்டர் அதிகமாக ஆடியதையும், மூலப்பொருளுக்குத் தான் கொடுத்த ஆர்டர் அதைவிட அதிகமாக ஆடியதையும் கண்டது. கடையிலிருந்து ஆலையை நோக்கிப் போகப் போக ஆர்டரின் ஆட்டம் இப்படிப் பெருகுவதைத்தான் சாட்டை விளைவு என்கிறார்கள்.

இனி ஒரு சிறிய கணக்கு. கடைக்காரர் வாரம் 100 பொட்டலம் விற்கிறார். சரக்கு வந்துசேரத் தாமதமாகும் என்பதால், கையில் இருப்பதும் வழியில் வருவதும் சேர்ந்து மூன்று வார விற்பனைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வழக்கம். ஆகவே அவரது கணக்கில் 300 இருக்கிறது. இந்த வாரம் 110 விற்றுவிட்டது. மீதி 190, புதிய இலக்கு 330, எனவே 140 ஆர்டர் செய்கிறார். இதில் 110 விற்றதை நிரப்புவதற்கு, 30 கையிருப்பை உயர்த்துவதற்கு.

மொத்த வியாபாரி அந்த 110-ஐப் பார்ப்பதே இல்லை. அவர் கண்ணில் படுவது 140 மட்டுமே. தேவை நாற்பது சதவீதம் கூடிவிட்டது என்று எண்ணி, அதே மூன்று வார வழக்கப்படி இலக்கை 420 ஆக்குகிறார். 140 கொடுத்தபின் அவரிடம் 160 மிச்சம். ஆலைக்கு எழுதுவது 260. ஆலையும் அதே கணக்கைப் போட்டால் 740 பொட்டலம் தயாரிக்கத் திட்டமிடும்.

மறுவாரத்திலிருந்து கடையில் விற்பனை 110 என்றே நிலைத்து நிற்கிறது. கடைக்காரரும் 110 ஆர்டர் செய்கிறார். மொத்த வியாபாரியோ, தன் இலக்கு இப்போது 330தான் என்று கண்டு, ஆலைக்கு வெறும் 20 எழுதுகிறார். ஏற்கெனவே 740-க்கு ஓடிய ஆலையில் சரக்கு மலைபோல் குவிந்திருக்கும். அடுத்த நான்கு வாரம் அது எதுவும் தயாரிக்கத் தேவையில்லை, ஐந்தாம் வாரம் 10 பொட்டலம் போதும். கடையில் நடந்ததெல்லாம் ஒரே ஒரு முறை பத்து சதவீதம் கூடியதுதான்.

வாசகர் ஒருவர்: கடைக்காரரும் மொத்த வியாபாரியும் வேண்டுமென்றே கூட்டி எழுதுவதுதான் காரணம். இதற்கு எதற்கு இவ்வளவு கணக்கு?

மேலே உள்ள கணக்கில் யாரும் ஒரு பொட்டலம்கூடக் கூட்டி எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தமக்கு வந்த ஆர்டரையே உண்மைத் தேவை என்று நம்பி, தம்மளவில் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். பொய்யர்களைத் தேடினால் இந்த வகை ஆட்டத்தின் காரணம் அகப்படாது.

ஆனால் தட்டுப்பாடு வரும்போது நீங்கள் சொல்வது உண்மையாகிறது. கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தவர் இரண்டு மடங்கு கேட்பார். சிலர் ஒரே தேவைக்கு இரண்டு இடங்களில் ஆர்டர் வைப்பார்கள். கணினி வலையமைப்புக் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் 2001-இல் ஏறத்தாழ 225 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை நட்டக் கணக்கில் எழுதியதற்கு, சந்தை சரிந்ததோடு இத்தகைய இரட்டை ஆர்டர்களும் ஒரு காரணமாக இருந்தன. தட்டுப்பாடு நீங்கியதும் ரத்துகள் வரிசைகட்டி வந்தால், முன்பு வந்த ஆர்டர்களில் எவ்வளவு காற்று இருந்தது என்பது தெரிந்துவிடும்.

மளிகைக் கடைக்காரர்: மாதக் கடைசியில் கம்பெனி ஸ்கீம் விடும்போது சோப்பும் பிஸ்கட்டும் ஒன்றரை மாதத்துக்கு வாங்கிப் போடுவேன். தீபாவளிக்கும் அப்படித்தான் கூடுதலாக எடுப்பேன். நானும் இந்தச் சாட்டையைச் சுழற்றுகிறேனா?

தீபாவளிக்கு எடுப்பதை இதில் சேர்க்க வேண்டாம். அப்போது உங்கள் கடையில் விற்பனையே கூடுகிறது. ஆர்டரும் அதோடு கூடுகிறது. ஸ்கீம் நாளில் வாங்குவது வேறு. அன்று உங்கள் வாடிக்கையாளர் ஒருவரும் கூடுதலாகக் குளித்துவிடவில்லை. விலைதான் உங்களை முன்கூட்டி வாங்க வைத்தது. மாதக் கடைசியில் உங்கள் ஸ்டாக்கிஸ்டுக்கு ஆர்டர் குவியும், பிறகு பல வாரம் வறண்டுபோகும். தவறு உங்களுடையது என்று நான் சொல்லமாட்டேன். மாத இலக்கை எட்டுவதற்காக ஸ்கீம் விட்ட கம்பெனி தன் ஆலையைத் தானே உலுக்கிக்கொள்கிறது.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. ஓராண்டுக்கு, ஒரு பொருளின் வாராந்தர விற்பனையை ஒரு பத்தியிலும் நீங்கள் கொடுத்த ஆர்டரைப் பக்கத்துப் பத்தியிலும் எழுதி, இரண்டின் ஏற்ற இறக்கத்தையும் ஒப்பிடுங்கள். விற்பனையைவிட ஆர்டர் அதிகமாக ஆடினால் விளைவு உங்கள் கடையிலேயே தொடங்குகிறது.

மென்பொருள் பணியாளர்: கடையின் விற்பனைக் கணக்கை எல்லோருக்கும் காட்டிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்தானே?

குறையும், நிற்காது. முன்பு போட்ட கணக்கிலேயே, மூவரும் 110 என்ற கடை விற்பனையைப் பார்த்து 330 என்று இலக்கு வைக்கட்டும். கடைக்காரர் 140 எழுதுவார், மொத்த வியாபாரி 170, ஆலை 200. முன்பு 140, 260, 740 என்று பெருக்கலில் போனது இப்போது கூட்டலில் போகிறது. இது பெரிய லாபம்தான். ஆனால் ஒவ்வொருவரும் தம் கையிருப்பை உயர்த்த வேண்டியிருப்பதால் அந்த முப்பது முப்பதாக ஏறுவது மிஞ்சும்.

அதைக் குறைக்க வேண்டுமானால் சரக்கு வரும் காலத்தைக் குறைக்க வேண்டும்: மூன்று வாரம் இரண்டானால் கடைக்காரரின் ஆர்டர் 130தான். அல்லது ஒரு வார விற்பனையைப் பார்த்துப் பதறாமல் நான்கு வாரச் சராசரியைப் பார்க்கலாம். அப்போது முதல் வார ஆர்டர் 118-ஐத் தாண்டாது. ஆனால் தேவை உண்மையாகவே உயர்ந்திருந்தால் அதைத் தாமதமாகத்தான் உணர்வீர்கள்.

கணக்கைக் காட்டச் சம்மதிப்பார்களா என்பது தனிச் சிக்கல். இத்தாலியின் பாஸ்தா நிறுவனமான பாரில்லா, 1980-களின் கடைசியில், விநியோகஸ்தர்களின் விற்பனை விவரத்தைப் பெற்று எவ்வளவு அனுப்புவது என்பதைத் தானே முடிவு செய்ய முன்வந்தபோது, அதிகாரம் கைநழுவும் என்று விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். அதன் விற்பனைப் பிரிவினரே எதிர்த்தார்கள்.

பயிற்சி வகுப்புக்குச் சென்றவர்: கடை முதல் ஆலை வரை ஆளுக்கொரு இடத்தில் அமர்ந்து ஆர்டர் கொடுக்கும் பீர் விளையாட்டை எங்களை ஆட வைத்தார்கள். மொத்த வியாபாரியாக இருந்தவர் சரியாக ஆடாததால் எங்கள் அணி தோற்றது.

உங்கள் இடத்தில் அவரும், அவர் இடத்தில் நீங்களும் அமர்ந்திருந்தாலும் அநேகமாக இதே முடிவுதான். வழக்கமான ஆட்டத்தில் வாடிக்கையாளர் கேட்பது 4 பெட்டியிலிருந்து ஒரே ஒரு முறை 8 ஆகிறது, பிறகு மாறுவதே இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜான் ஸ்டெர்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், ஆடுபவர்கள் ஏற்கெனவே ஆர்டர் செய்து இன்னும் வந்துசேராத சரக்கைப் போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை என்று காட்டினார். நம் டயப்பர் கணக்கில் அதை மூவரும் ஒழுங்காகக் கணக்கிட்டும் ஆலை நின்றது. மறந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

உற்பத்தித் திட்டமிடலில் பணியாற்றியவர்: கச்சோன், ராண்டல், ஷ்மிட் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் அமெரிக்கத் துறைவாரிக் கணக்கை ஆராய்ந்தபோது, மொத்த வியாபாரத்தில் மட்டுமே விளைவு தெளிவாகத் தெரிந்தது, சில்லறையிலும் பெரும்பாலான உற்பத்தித் துறைகளிலும் தெரியவில்லை. உங்கள் விளக்கம் இதை எப்படி எதிர்கொள்ளும்?

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அவர்கள் பார்த்தது ஒரு துறை முழுவதற்குமான மாதக் கணக்கு. ஒரு கடை கூட்டி வாங்கும் வாரத்தில் இன்னொரு கடை வாங்காமல் இருந்தால், மொத்தத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். வாரத்துக்குள் நிகழ்ந்த ஆட்டமும் மாதக் கணக்கில் கரைந்துவிடும். இது என் தரப்பு வாதம்.

ஆனால் அவர்கள் பக்கமும் வலுவானது. பண்டிகைக் காலத் தேவை முன்கூட்டியே தெரியும் என்பதால், ஆலைகள் மாதங்களுக்கு முன்பே உற்பத்தியைத் தொடங்கி, ஏற்ற இறக்கத்தைப் பெருக்குவதற்குப் பதிலாகச் சமன் செய்கின்றன. பருவகால ஆட்டத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் பெருக்கம் கூடுதலாகத் தென்படும். அதை நீக்கிப் பார்ப்பதா, சேர்த்தே பார்ப்பதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆலைக்கு உண்மையில் செலவு வைப்பது மொத்த ஆட்டம்தான் என்று அவர்கள் சொல்வதை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. நீங்கள் பணியாற்றிய ஆலையில் வாராந்தர ஆர்டர் விவரம் இருந்தால், இரண்டு வகையிலும் கணக்கிட்டு எழுதுங்கள்.